சுயஉதவிக் குழுவைக் கூட்டுறவுச் சங்கம் என்று எழுதலாமா?

கேள்வி: பி.காம் தேர்வில் கம்பெனிக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் வேறுபாடு கேட்டால் "ஒருவருக்கு ஒரு ஓட்டு" தவிர என்ன எழுதுவது? மகளிர் சுயஉதவிக் குழுவையும் கூட்டுறவுக்கு உதாரணமாகத் தரலாமா?

பதில்: ஓட்டைப் பற்றி எல்லோரும் எழுதுவார்கள். நீங்கள் லாபம் எப்படிப் பிரிகிறது என்று எழுதுங்கள். கம்பெனியில் பங்குக்கு ஏற்ற டிவிடெண்ட். கூட்டுறவிலும் பங்குக்கு டிவிடெண்ட் உண்டு, ஆனால் அதற்கு உச்சவரம்பு இருக்கிறது. மீதி உபரியில் ஒரு பகுதி, உறுப்பினர் சங்கத்தோடு எவ்வளவு வியாபாரம் செய்தாரோ அந்தக் கணக்கில் போகும். பால் சங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் ஒரே அளவு பங்குதான். ஒருவர் வருஷத்தில் 80,000 ரூபாய்க்குப் பால் ஊற்றினார், மற்றவர் 20,000 ரூபாய்க்கு. 2 சதவீத போனஸ் என்றால் முதலாமவருக்கு 1,600, அடுத்தவருக்கு 400. இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினாலே வேறுபாடு விளங்கிவிடும்.

சுயஉதவிக் குழுவை உதாரணமாகத் தராதீர்கள். என் அம்மா குழுவில் இருந்தவர், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். 15 பேர், மாதம் ஆளுக்கு 100 ரூபாய் சேமிப்பு. அந்தப் பணத்தைத் தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்து, வட்டியைக் குழுக் கணக்கிலேயே சேர்த்தார்கள். பிறகு வங்கிக் கடன் வாங்கி, மாவு விற்கப் பெரிய கிரைண்டர் எடுத்தார்கள். குழுவுக்குப் பதிவு கிடையாது. தீர்மான நோட்டும் வங்கிப் பாஸ்புக்கும்தான் இருந்தன. அதனால் கிரைண்டர் பில், குழுவை நடத்திய உறுப்பினரான ஊக்குநரின் பெயரில் போடப்பட்டது. ஒரு வருஷம் கழித்து அவர் மகன் வீட்டுக்கு திருப்பூர் போனார், கிரைண்டரும் கூடவே போனது. குழுவின் பெயரில் வழக்குப் போட முடியாது, உறுப்பினர்கள் தங்கள் பெயரில்தான் போக வேண்டும் என்றார் வக்கீல். யாரும் போகவில்லை. பாக்கிக் கடன் 42,000. மிச்சமிருந்த 14 பேர் தலைக்கு 3,000 போட்டு அடைத்தார்கள்.

கம்பெனியும் பதிவான கூட்டுறவுச் சங்கமும் சட்டத்தின் பார்வையில் உறுப்பினர்களிலிருந்து வேறான நபர்கள். கிரைண்டர் அவற்றின் சொந்தப் பெயரிலேயே இருந்திருக்கும். தமிழ்நாட்டில் சங்கம் பதிவு செய்ய 25 பேராவது வேண்டும். குழுவோ பெரும்பாலும் 20 பேருக்குள். அந்த 20 என்ற எண்ணே பழைய 1956 கம்பெனிச் சட்டத்தோடு தொடர்புடையது. லாப நோக்கில் 20 பேருக்கு மேல் சேர்ந்தால் பதிவு கட்டாயம் என்றது அது.

சில குழுக்கள் பின்னால் பதிவு செய்துகொள்கின்றன, அது எனக்கும் தெரியும். கமெண்டில் சொல்ல வேண்டாம். நான் பேசுவது சாதாரணக் குழுவைப் பற்றி.

இதையெல்லாம் 10 மதிப்பெண் கேள்விக்கு எழுதினேன். 4 போட்டார்கள். விடைத்தாள் நகலுக்குப் பணம் கட்டி வாங்கிப் பார்த்தால், "பதிவு இல்லை" என்ற வரியில் சிவப்புக் கோடு. மறுமதிப்பீட்டுக்குத் தனியாகப் பணம் கேட்டார்கள். வீட்டில் அப்போது அந்த 3,000 கட்டிய மாதம். கேட்கவே மனம் வரவில்லை.