ரிலேக்கான பேஸ் ரெசிஸ்டர்: கெயினை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்

கேள்வி: 3.3 வோல்ட் பின்னில் இருந்து பிசி 547 வழியாக 5 வோல்ட் ரிலே ஓட்டுகிறேன். பேஸில் 10 கிலோ ஓம். ஒரு போர்டில் ரிலே நன்றாக இழுக்கிறது, அதே மாதிரி செய்த இன்னொன்றில் இழுக்கவில்லை. ஏன்?

இரண்டு டிரான்சிஸ்டர்களின் கெயினும் ஒன்றாக இருக்காது, அதனால்தான். உங்கள் ரிலேயின் காயில் 70 ஓம் என்று வைத்துக்கொள்வோம். சிறிய 5 வோல்ட் ரிலேக்களில் பெரும்பாலும் அந்த அளவுதான் இருக்கும். அதற்கு 71 மில்லி ஆம்பியர் வேண்டும். 10 கிலோ ஓம் வழியாகப் பேஸுக்குப் போவது 0.26 மில்லி ஆம்பியர்தான். கெயின் 300 இருக்கும் டிரான்சிஸ்டர் அதை வைத்தே 78 வரை விடும், ரிலே இழுத்துவிடும். கெயின் 200 என்றால் 52தான் ஓடும். காயிலுக்கு 3.6 வோல்ட் கிடைக்கும், மீதி 1.4 வோல்ட் டிரான்சிஸ்டரிலேயே நின்றுவிடும். இந்த வகை ரிலே இழுக்கப் பொதுவாக 3.75 வோல்ட்டாவது தேவை.

இழுக்கிற போர்டையும் நம்பாதீர்கள். குளிரில் கெயின் இறங்கும். நான் செய்த ஒரு போர்டு மதியம் ஒழுங்காக வேலை செய்யும், விடிகாலையில் சும்மா இருக்கும். ரிலேதான் பழுது என்று நினைத்து அதை இரண்டு முறை மாற்றினேன்.

ஸ்விட்சாக ஓட்டும்போது டேட்டாஷீட்டின் கெயினை மறந்துவிடுங்கள். அதே டேட்டாஷீட்டில் சாச்சுரேஷன் வோல்ட்டேஜ் வரியைப் பாருங்கள்: கலெக்டரில் 100 மில்லி ஆம்பியருக்குப் பேஸில் 5 கொடுத்துத்தான் அளந்திருப்பார்கள். அதாவது இருபதில் ஒரு பங்கு. நான் இன்னும் கொஞ்சம் தாராளமாக, பதினைந்தில் ஒரு பங்கு கொடுப்பேன். பேஸ்-எமிட்டருக்கு 0.8 வோல்ட் விட்டுக் கணக்கிட்டால்:

```
Ib = 71 mA / 15 = 4.7 mA
R  = (3.3 - 0.8) / 0.0047 = 530 ohm
```

கடையில் கிடைக்கும் மதிப்புகளில் இதற்குக் கீழே உள்ள 470 ஓமைப் போடுங்கள், 5.3 மில்லி ஆம்பியர் போகும். உங்கள் பின் அவ்வளவு தருமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சிறு மின்னோட்டமே தரும் பின் என்றால் ரெசிஸ்டரைக் கூட்டிச் சமாளிக்க வேண்டாம், 3.3 வோல்ட்டிலேயே முழுதாகத் திறக்கும் மாஸ்ஃபெட்டுக்கு மாறிவிடுங்கள்.

பேஸுக்குக் கூடுதலாகக் கொடுத்தால் டிரான்சிஸ்டர் அணைய சில மைக்ரோ நொடி தாமதமாகும். ரிலேக்கே பல மில்லி நொடி ஆகும் என்பதால் அது ஒரு பொருட்டே இல்லை. காயிலுக்குக் குறுக்கே டையோடு இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் முதலில் அதைப் போடுங்கள்.

அப்புறம், ரிலே ஆனில் இருக்கும்போது கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவே மல்டிமீட்டர் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் சாச்சுரேஷனில் இருக்கிறது. 1 வோல்ட்டை நெருங்கினால் பின்னையும் அளந்து பாருங்கள்: 3.3 நிற்காமல் இறங்கினால் பின் தளர்கிறது, நின்றால் பேஸுக்கு இன்னும் மின்னோட்டம் போதவில்லை.

பிசி 547-இன் வரம்பு 100 மில்லி ஆம்பியர், உங்களுக்கு 71 ஓடுகிறது. புதிதாகச் செய்யும் போர்டில் நான் 2என்2222தான் போடுவேன். ரெசிஸ்டர் கணக்கு அப்படியே பொருந்தும், கால்களின் வரிசையை மட்டும் டேட்டாஷீட்டில் சரிபாருங்கள்.