புதியவருக்குத் தற்காலிகக் கடவுச்சொல்: அஞ்சலில் எது, தொலைபேசியில் எது?

"திங்கட்கிழமை என் குழுவில் ஒருவர் புதிதாகச் சேர்கிறார். தற்காலிகக் கடவுச்சொல்லை அவருக்கு எப்படிப் பத்திரமாகக் கொடுப்பது? இரண்டடுக்கு உள்நுழைவை அமைக்கச் சொல்லி என்ன எழுதுவது?"

பயனர் பெயரை அஞ்சலில் அனுப்புங்கள். கடவுச்சொல்லைத் தொலைபேசியில் சொல்லுங்கள். இரண்டும் ஒரே அஞ்சலில் போனால், அந்த அஞ்சல்பெட்டியைத் திறக்க முடிந்த எவரும் கணக்கையும் திறந்துவிடலாம். நீங்கள் அழைக்கும் எண், பணியில் சேரும்போது அவர் கொடுத்த படிவத்தில் உள்ளதாக இருக்க வேண்டும். புதிதாக வந்த அஞ்சலில் காணும் எண்ணை நம்ப வேண்டாம்.

முதல் உள்நுழைவிலேயே கடவுச்சொல்லை மாற்றியாக வேண்டும் என்றும், 24 மணி நேரத்தில் அது காலாவதியாக வேண்டும் என்றும் ஐடி பிரிவிடம் கேட்டு அமைத்துக்கொள்ளுங்கள். சுழியத்தையும் ஓ என்ற எழுத்தையும் காதால் கேட்கும்போது குழப்பிக்கொள்ள வாய்ப்புண்டு என்பதால், அவை இல்லாத கடவுச்சொல்லாகக் கேட்டு வாங்குவது நல்லது.

பலரும் கவனிக்கத் தவறும் ஆபத்து, கடவுச்சொல் கைக்கு வந்த நேரத்துக்கும் இரண்டாம் அடுக்கு அமைக்கப்படும் நேரத்துக்கும் நடுவில்தான் இருக்கிறது. பெரும்பாலான அமைப்புகளில் முதலில் உள்ளே நுழைபவரே தம் கைபேசியை அந்தக் கணக்கோடு இணைத்துக்கொள்ள முடியும். அந்நியர் ஒருவர் முந்திக்கொண்டால், கணக்குக்குப் போடும் பூட்டே அவர் கைக்குப் போய்விடும். ஆகவே, தொலைபேசியை வைக்காமல், அவர் அமைத்து முடிக்கும்வரை இணைப்பிலேயே இருங்கள். பத்து நிமிடம் போதும். அஞ்சலை இப்படி எழுதலாம்:

"வணக்கம். உங்கள் பயனர் பெயர் இந்த அஞ்சலில் உள்ளது. தற்காலிகக் கடவுச்சொல்லைத் திங்கள் காலை 10 மணிக்கு உங்களை அழைத்துச் சொல்கிறேன். அதை எங்கும் எழுதி அனுப்ப வேண்டாம். அழைப்பில் இருக்கும்போதே புதிய கடவுச்சொல்லை வைத்து, அத்தென்டிகேட்டர் செயலியால் திரையில் தோன்றும் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்துவிடுங்கள். புதிய கடவுச்சொல்லையோ செயலி காட்டும் ஆறு இலக்க எண்ணையோ என்னிடம்கூடச் சொல்லக் கூடாது. நான் சொன்ன கடவுச்சொல் ஏற்கப்படாவிட்டாலோ, நீங்கள் எதையும் அமைக்கும் முன்பே உள்நுழைவுத் திரை ஆறு இலக்க எண்ணைக் கேட்டாலோ, உடனே சொல்லுங்கள்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அந்த இரண்டும் வேறொருவர் முந்தி நுழைந்ததன் அடையாளமாக இருக்கலாம். தவறாகத் தட்டியதா என்று ஒருமுறை சரிபார்த்துவிட்டு, இல்லையென்றால் ஐடி பிரிவைக் கொண்டு கணக்கை முடக்கி, இரண்டாம் அடுக்கின் பதிவையும் அழிக்கச் சொல்லுங்கள். கடவுச்சொல்லை மட்டும் மாற்றினால் அந்நியரின் கைபேசி இணைந்தே இருக்கும்.

க்யூஆர் குறியீட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்க வேண்டாம் என்றும் அழைப்பில் சொல்லுங்கள், ஏனெனில் எண்களை உருவாக்கும் ரகசியச் சாவியே அதற்குள் இருக்கிறது. ஸ்கேன் செய்த பிறகும் எண் ஏற்கப்படாவிட்டால், பெரும்பாலும் கைபேசியின் கடிகாரம் பிசகியிருக்கும். அந்த எண் பொதுவாக 30 விநாடிக்கு ஒருமுறை மாறுவதால், நேரத்தைத் தானியங்கி அமைப்புக்கு மாற்றினால் சரியாகிவிடும். கைபேசி தொலைந்தால் உள்நுழைய உதவும் மீட்புக் குறியீடுகள் கிடைத்தால், அவற்றைக் காகிதத்தில் எழுதி, கைபேசியோடு சேர்க்காமல் தனியே பூட்டி வைக்கச் சொல்லுங்கள்.