கரைச் சரிவில் வெட்டிவேர்: எத்தனை வரிசை, எத்தனை நாற்று?

கேள்வி: 3 மீட்டர் உயர மண்கரை, சரிவு 1:2, அதாவது 1 மீட்டர் உயரத்துக்கு 2 மீட்டர் கிடை, கரையின் நீளம் 20 மீட்டர். மழைக்கு மேல்மண் வழிந்து போகிறது. வெட்டிவேர் நட்டால் நிற்குமா?

நிற்கும், ஆனால் புல்லாகச் சிதறி நட்டால் பயனில்லை. சம உயரக் கோட்டில் நெருக்கமான வேலியாக நட வேண்டும். அந்த வேலி ஓடும் நீரின் வேகத்தைக் குறைத்து, வண்டலைத் தன் மேல்புறம் தேக்கும். செங்குத்தாக இறங்கும் வேர் மேல்மண்ணை அடிமண்ணோடு தைக்கும்.

உங்கள் சரிவின் நீளம் சுமார் 6.7 மீட்டர். சரிவோடு அளந்து 1.5 மீட்டருக்கு ஒன்றாக 5 வரிசை போதும். 15 செ.மீ. இடைவெளியில் வரிசைக்கு 133 நாற்று, மொத்தம் சுமார் 670. பட்டுப்போவதற்காகப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக எடுங்கள். தூரைப் பிரித்து, குத்துக்கு 2, 3 தண்டு வையுங்கள். தாளை 20 செ.மீ. விட்டு வெட்டி, மழைக்காலத் தொடக்கத்தில் நடுங்கள்.

பெரும்பாலும் கெடுவது இடைவெளியால்தான். ஒரு குத்து பட்டாலும் நீர் அங்கே திரண்டு ஓடை பறிக்கும். அதனால் முதல் இரண்டு மாதம் பட்ட இடத்தை உடனே நிரப்புங்கள். கரைமேல் தேங்கும் நீர் ஒரே இடத்தில் வழியாமல் வடிகாலும் வேண்டும். மரநிழலில் வெட்டிவேர் மெலிந்துவிடும்.

கரை உச்சியில் விளிம்புக்கு இணையாக வெடிப்பும் அடியில் புடைப்பும் தெரிந்தால், மண்சரிவு வேருக்குக் கீழே நடக்கிறது. அதைப் புல் தடுக்காது. மண் பொறியாளரை அழையுங்கள்.