சேலைக்கு 370 ரூபாய் நிற்கிறது, கிளிக்குக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

கேள்வி: சுங்குடிச் சேலையை என் இணையக் கடையில் 1,260 ரூபாய்க்கு விற்கிறேன். செலவு போக 370 நிற்கிறது. கூகுள் விளம்பரத்தில் கிளிக்குக்கு 6 ரூபாய் ஆகிறது. போன மாதம் 2,000 கிளிக்கில் 36 ஆர்டர் வந்தது. நூற்றுக்கு இருபது பார்சல் திரும்பிவிடுகிறது. கணக்குப்படி லாபம், கையில் பணம் இல்லை. கிளிக்குக்கு எவ்வளவு வரை கொடுக்கலாம்?

பதில்: விலையில் அடங்கிய 5 சதவீத ஜிஎஸ்டியான 60 ரூபாயை நீக்கினால் 1,200 ரூபாய் வரும். அதில் கொள்முதல் 700, கூரியர் 80, பேக்கிங் 20, பணம் பெறும் கட்டணம் 30 என்று வைத்தால் நீங்கள் சொல்லும் 370 ரூபாய் கிடைக்கிறது. ஆனால் அது வாடிக்கையாளர் பெற்றுக்கொண்ட சேலைக்கு மட்டுமே பொருந்தும். விளம்பரக் கணக்கில் ஆர்டராகப் பதிவாவதில் திரும்பி வரும் பார்சலும் அடங்கும்.

நூறு ஆர்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பெறப்பட்ட 80 சேலைகளில் 29,600 ரூபாய் நிற்கும். திரும்பும் 20 பார்சல்கள் ஒவ்வொன்றிலும் போகும் கூரியர் 80, வரும் கூரியர் 70, பேக்கிங் 20 என 170 ரூபாய் வீணாவதால், அந்த வகையில் 3,400 ரூபாய் கழியும். (சேலை அழுக்காகாமல் திரும்பி, மறுபடி விற்கத்தக்கதாக இருந்தால்தான் இவ்வளவோடு போகும்.) மீதி 26,200, ஆகவே ஓர் ஆர்டருக்கு உண்மையில் நிற்பது 262 ரூபாய்.

கிளிக் விலையை இந்த 262 ஆல் வகுத்தால், லாபமும் நட்டமும் இல்லாத ஆர்டர் விகிதம் கிடைக்கும்: 6 ரூபாய்க்கு அது ஏறக்குறைய 2.3 சதவீதம். உங்களுக்கு வந்ததோ 1.8 சதவீதம். அதே 1.8 சதவீதத்தை 262 ஆல் பெருக்கினால், கிளிக்குக்குத் தாங்கக்கூடிய உச்சம் சுமார் 4 ரூபாய் 70 காசு. போன மாதம் 12,000 ரூபாய் செலவழித்து 9,432 ரூபாய் ஈட்டியிருக்கிறீர்கள். கையில் பணம் இல்லாததற்குக் காரணம் இந்த 2,568 ரூபாய் நட்டம்தான். 370 ஐ வைத்துக் கணக்கிட்டதால் அது 1,320 ரூபாய் லாபமாகத் தோன்றியது.

4.70 என்பது கைக்கு ஒன்றும் மிஞ்சாத எல்லை. ஆர்டருக்கு 60 ரூபாயாவது மிஞ்ச வேண்டுமானால், 262 இல் அதைக் கழித்து 202 ஐப் பெருக்க வேண்டும். உச்சம் 3 ரூபாய் 64 காசாக இறங்கும். விளம்பரச் செலவின் 18 சதவீத ஜிஎஸ்டிக்கு உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியாதவராக இருந்தால், உங்கள் 6 ரூபாய் கிளிக் உண்மையில் 7 ரூபாய் 8 காசு.

36 ஆர்டர் என்பது சிறிய எண்ணிக்கை. தற்செயலாலேயே அது 24க்கும் 48க்கும் இடையில் ஆடக்கூடும், அதாவது விகிதம் 1.2 முதல் 2.4 சதவீதம் வரை இருக்கலாம். ஆகவே ஒரு மாதக் கணக்கை நம்பி, கிளிக்குக்குக் கொடுக்க ஒப்பும் ஏலத்தொகையை உயர்த்த வேண்டாம். திரும்பும் பார்சலைப் பாதியாகக் குறைத்தாலும் ஆர்டருக்கு 316 ரூபாய்தான் நிற்கும். அப்போதும் உச்சம் 5 ரூபாய் 69 காசு என்பதால், 6 ரூபாய்க் கிளிக் இன்னும் நட்டத்தில்தான் இருக்கும்.