புரண்டால் கிரீச்சிடும் கட்டில்: சத்தத்தின் இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி: எட்டு மாதத்துக்கு முன் டவுனில் வாங்கிய மரக்கட்டில். நான்கு மூலையிலும் போல்ட், நடுவில் ரீப்பர்கள். புரண்டாலே கிரீச் என்கிறது, கைக்குழந்தை விழித்துக்கொள்கிறது. எல்லா போல்ட்டையும் முறுக்கிப் பார்த்துவிட்டோம். கடைக்காரர் மெத்தையை மாற்றச் சொல்கிறார்.
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: மெத்தைக்குப் பணம் செலவழிக்காதீர்கள். மெத்தையைத் தரையில் போட்டு அதன்மேல் புரண்டு பாருங்கள். அங்கே சத்தம் இல்லையென்றால் குற்றம் கட்டிலுடையது.

ஒன்றோடொன்று அழுந்தியிருக்கும் இரண்டு பரப்புகள் நம் எடை மாறும்போது சற்றே ஒட்டி, சற்றே வழுக்குகின்றன. அந்த வழுக்கல்தான் கிரீச்சென்று கேட்கிறது. ஆகையால் எந்த இரண்டு பரப்புகள் உரசுகின்றன என்று கண்டுபிடிப்பதற்கு முன் ஸ்பேனரைத் தொடுவதில் பயனில்லை. மெத்தையை எடுத்துவிட்டு, ரீப்பர்களையும் கழற்ற முடிந்தால் கழற்றி ஓரமாக வையுங்கள். வெறும் சட்டத்தின் தலைமாட்டுப் பலகையைப் பிடித்து ஒருவர் முன்னும் பின்னும் அசைக்க, இன்னொருவர் ஒவ்வொரு மூலையிலும் உள்ளங்கையை வைத்துப் பார்க்கட்டும். அறைக்குள் ஒலி சுற்றிச் சுற்றிக் கேட்பதால் காது ஏமாற்றும். உரசும் மூட்டின் அதிர்வைக் கை தவறவிடாது.

சட்டம் மௌனமாக இருந்தால் ரீப்பர்தான் காரணம். பக்கச்சட்டத்தின் உட்புறம் ரீப்பர் முனைகள் உட்காரும் தாங்குகட்டையை வெளிச்சம் பிடித்துப் பாருங்கள். உரசும் இடத்தில் பாலிஷ் தேய்ந்து, மரம் கறுத்து வழவழப்பாகப் பளபளக்கும். முனைக்கும் கட்டைக்கும் நடுவே ஃபெல்ட் பட்டையோ பழைய காடாத் துணியோ ஒட்டினால் போதும். ஆணி அடித்த ரீப்பராக இருந்தால், ஓட்டை பெருத்து மரம் ஆணியின்மேல் ஏறி இறங்கும்; அப்போது ஆணியைப் பிடுங்கிவிட்டு, சற்றுப் பருமனான ஸ்குரு போட வேண்டும். கட்டிலின் நடுவே நீளவாக்கில் ஓடும் சட்டத்துக்குக் கால் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒருவர் படுத்திருக்கும்போது அந்தக் காலுக்கடியில் ஒரு காகிதம் தாராளமாக நுழைந்தால், கால் தரையைத் தொடவில்லை, ரீப்பர்கள் தொய்ந்து உரசுகின்றன என்று பொருள். ஒரு பிளைவுட் துண்டை அடியில் கொடுத்தால் தீரும்.

சட்டமே சத்தமிட்டால், போல்ட் முறுக்கியும் பயனில்லை என்று நீங்கள் எழுதியிருப்பது ஒரு தடயம். இந்த ஊர்க் கடையொன்றில் நான் நல்ல விலை கொடுத்து வாங்கிய கட்டிலும் இதே பாடுதான் படுத்தியது. வலப்பக்கத் தலைமாட்டு மூலையில் போல்ட் அசையாத அளவுக்கு இறுகியிருந்தும், பக்கச்சட்டத்துக்கும் காலுக்கும் நடுவே ஒரு காகிதத்தை நுழைக்க முடிந்தது. கழற்றிப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. போல்ட் தேவைக்கு மேல் நீளம். மரை முடியும் இடத்தில் நட்டு முட்டி நின்றுவிட்டது, ஆனால் மரத்தை அது இன்னும் இறுக்கவே இல்லை. போல்ட் தலைக்கடியில் இரண்டு வாஷர்களைச் சேர்த்ததும் காகிதம் நுழையவில்லை, சத்தமும் நின்றது. உங்கள் நான்கு மூலைகளையும் இப்படிக் காகிதம் வைத்துச் சோதியுங்கள். இடைவெளி தெரிந்தால் எல்லா போல்ட்டையும் ஒரு சுற்றுத் தளர்த்தி, கட்டிலின் கால்கள் நான்கும் தரையில் சமமாக நிற்கும்படி வைத்து, எதிரெதிர் மூலைகளாகச் சிறிது சிறிதாக முறுக்குங்கள். ஒரு மூலையை மட்டும் முழுதாக முறுக்கினால் சட்டம் கோணிக்கொண்டு மறுமூலையில் கத்தும்.

இன்னொன்று. நம் சித்திரை, வைகாசி வெயிலில் மரம் குறுக்குவாக்கில் சுருங்கும், இரும்பு போல்ட் அப்படியே இருக்கும். அதனால் மழைக்காலத்தில் இறுக்கிய மூட்டு கோடையில் தளர்வது இயல்பு. ஸ்பிரிங் வாஷர் போட்டால் இந்தத் தளர்ச்சி குறையும்.

கேள்வி: மூட்டுகளில் தேங்காய் எண்ணெய் விட்டால் சத்தம் நிற்குமா?
– அம்பாசமுத்திரம்

பதில்: சில நாள் நிற்கும், பிறகு எண்ணெய் தூசியைப் பிடித்து மூட்டுக் கறுக்கும், மெழுகுவர்த்தியைத் தேயுங்கள்.

கேள்வி: கட்டிலுக்கடியில் தினமும் மாவு போல மரத்தூள் விழுகிறது. உரசலால்தானே?
– களக்காடு

பதில்: மரத்தில் குண்டூசித் தலை அளவுக்கு வட்ட ஓட்டைகள் இருந்தால் அது உரசல் தூள் அன்று, வண்டு அரித்த தூள், உரசினால் தூள் மூட்டுக்கு நேர் கீழே மட்டும் விழும்.

கேள்வி: 'இன்ஜினியர்டு வுட்' கட்டில். ஸ்குருவை முறுக்கினால் ஒரு வாரம் சத்தமில்லை, பிறகு மறுபடியும். இப்போது ஸ்குரு சுற்றிக்கொண்டே இருக்கிறது.
– வள்ளியூர்

பதில்: இனி முறுக்காதீர்கள். முறுக்கும் ஒவ்வொரு தடவையும் ஓட்டை இன்னும் அரைபடுகிறது.

எனக்கு நெடுநாளாக வருத்தம் தரும் விஷயம் இது. பிளைவுட், எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு ஆகிய மூன்றும் கடைகளில் ஒரே பெயரில் விற்கப்படுகின்றன. இவற்றில் ஸ்குருவைப் பிடித்துக்கொள்ளும் வலு ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடும் என்பதை விற்பவர் சொல்வதில்லை. பார்ட்டிகிள் போர்டு என்பது மரத்தூளையும் சிராய்களையும் பசையோடு சேர்த்து அழுத்தியது. அதன் விளிம்பில் நேராக ஏற்றிய ஸ்குரு, இரவு முழுவதும் ஆள் எடை அசையும் கட்டிலில் நிலைக்காது. வீடு துடைக்கும் தண்ணீர் காலடியில் ஏறினால் பலகை ஊதி, மூட்டே விரிந்துவிடும். புத்தக அலமாரிக்குப் பொருந்தும் பலகையைக் கட்டில் மூலையில் வைத்து விற்பது வாங்குபவருக்குச் செய்யும் அநியாயம். அந்தப் பலகையின் பெயரைப் பில்லில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். மூட்டு ஸ்குருவால் ஆனதா, மறுபக்கம் துளைத்து நட்டு ஏறும் போல்ட்டால் ஆனதா என்று குனிந்து பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.

உங்கள் கட்டிலுக்கு வழி உண்டு. பலகையின் கனம் இடம் கொடுத்தால், பாழான ஓட்டையை எட்டு மில்லிமீட்டருக்குத் துளைத்து, அதே அளவு உருட்டு மரக்குச்சியில் மரப் பசை தடவி இறக்கி, ஒரு நாள் காயவிட்டு, அதன் நடுவே சிறு துளை போட்டு ஸ்குருவை ஏற்றலாம். பலகை ஊதிப்போயிருந்தால் இது நிற்காது. இரும்பு எல் பட்டை வைத்து, இருபுறமும் துளைத்த போல்ட்டால் பிடிக்க ஆசாரியிடம் சொல்லுங்கள்.

கேள்வி: இணையத்தில் வாங்கி நாங்களே பொருத்தினோம். இரண்டு போல்ட்டும் நான்கு வாஷரும் மிஞ்சின. இப்போது கட்டில் ஆடுகிறது, சத்தமும். பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?
– மேலப்பாளையம்

பதில்: முதலில் மிஞ்சியவற்றை அவற்றின் இடத்தில் போடுங்கள். பொருத்தும் தாளைப் படிக்காமல் விட்ட குறைக்கு விற்றவர் பொறுப்பாக மாட்டார். எல்லாம் போட்டும் ஆடினால் எழுதுங்கள்.

கேள்வி: தேக்கு என்று பில்லிலேயே எழுதித் தந்தார்கள். மூன்றாம் வாரமே மூட்டு விலகிக் கத்த ஆரம்பித்தது. பார்த்த ஆசாரி, பக்கச்சட்டங்கள் தேக்கே இல்லை என்கிறார். 'விற்ற பொருளைத் திரும்ப எடுப்பதில்லை' என்று கடையில் விரட்டுகிறார்கள். என் ஓய்வூதியப் பணம்.
– சங்கரன்கோவில்

பதில்: உங்கள் கோபம் முழுக்க நியாயமானது, பில்லை வாங்கிப் பத்திரமாக வைத்திருந்ததால் உங்கள் பக்கம் வலுவாகவும் இருக்கிறது. குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் முப்பது நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. ஆகவே இன்றே கடைக்கு எழுத்தில் புகார் அனுப்பி, ஒப்புகை பெறுங்கள். கட்டிலைப் பழுதுபார்க்கவோ பாலிஷ் போடவோ விடாதீர்கள். விலகிய மூட்டைப் படமும், ஒருவர் அமர்ந்து எழும்போது வரும் சத்தத்தை வீடியோவும் எடுத்து வையுங்கள். ஆசாரியின் வாய்ச்சொல் மட்டும் போதாது. பெங்களூரில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் சிறு துண்டைச் சோதித்து மரம் எது என்று அறிக்கை தரும். கடை அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள், அதன்பின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடுங்கள். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம்; ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை; குறை தோன்றியதிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.