உள்ளட்டையில் எழுதும் நாலு வரி

கேள்வி: எங்க அக்கா பொண்ணு இந்த வருசம் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்துல சேர்றா. மண்ணும் நீரும் பற்றிய புத்தகம் ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன். சாதா அட்டைதான், வழவழன்னு இருக்குது. உள்ளட்டையில ஒரு பொன்மொழியும் நாலு வரியும் எழுதித் தரணும்னு ஆசை. போன வருசம் இன்னொருத்தருக்கு ஜெல் பேனாவுல எழுதினது எதிர்ப்பக்கத்துல அப்பிக்கிச்சு. வாட்ஸ்அப்புல வந்த அப்துல் கலாம் பொன்மொழி ஒண்ணு எழுதலாமான்னு இருக்கேன். சின்ன வயசுல கோடை லீவுல வந்தா, பவானி ஆத்து மணல்ல ஊத்துத் தோண்டிக்கிட்டே கெடப்பா. அவளுக்கு எதுல, எங்க, என்ன எழுதறதுங்க?
– தாய்மாமன் ஒருவர், கோபிசெட்டிபாளையம்

பதில்: முதலில் அந்த உள்ளட்டையைச் சோதித்துவிடுங்கள். பின்னட்டையின் உட்புறத்தில், முதுகை ஒட்டிய கீழ் மூலையில், எழுதப்போகும் பேனாவால் அரை அங்குலக் கோடு ஒன்று போடுங்கள். ஒரு நிமிடம் கழித்து விரலால் அழுத்தித் தேயுங்கள். கோடு இழுபட்டால் அந்த அட்டைக்கு உள்பக்கமும் பூச்சு இருக்கிறது என்று பொருள். ஜெல் மை நீர் கலந்தது. காகிதம் அந்த நீரை உறிஞ்சினால்தான் நிறம் இழையில் பிடிக்கும். பூச்சுள்ள ஆர்ட் போர்டு உறிஞ்சாது. மை மேலேயே தங்கிக் காற்றில் மெதுவாகக் காய வேண்டியிருக்கும். நீங்கள் போன வருடம் மேலே தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று மூடியிருப்பீர்கள். அடியில் ஈரம் இருந்திருக்கும். மற்ற புத்தகங்களின் கனமும் மேலே ஏறியதும் அது எதிர்ப்பக்கத்துக்குத் தாவிவிட்டது.

அப்படியானால் பால்பாயிண்ட் பேனாவில் எழுதலாமே என்று தோன்றும். அதன் எண்ணெய் மை இப்படி அப்புவது குறைவுதான். ஆனால் வழவழப்பில் உருண்டை வழுக்கி எழுத்து விட்டுவிட்டு விழும். விழவைக்க நாம் அழுத்துவோம். அழுத்திய ஒவ்வொரு எழுத்தும் முன்னட்டைப் படத்தின் மேல் புடைத்துத் தெரியும். லேமினேஷன் பளபளப்பில் வெளிச்சம் படும்போது இன்னும் கூடுதலாகத் தெரியும். அதைச் சரிசெய்ய வழியே இல்லை.

எனவே உங்கள் புத்தகத்துக்கு உள்ளட்டை வேண்டாம். அட்டையைத் திருப்பியதும் வருகிற முதல் தாளுக்குப் போங்கள். அது வெற்றுத்தாளாக இருந்தால் நல்லது. தமிழ்ப் புத்தகங்கள் பலவற்றில் வெற்றுத்தாள் இருக்காது. புத்தகத்தின் பெயர் மட்டும் சின்னதாக அச்சான பக்கம்தான் முதலில் வரும். அந்தப் பெயருக்குக் கீழே உள்ள இடம் உங்களுக்குப் போதும். அது பூச்சில்லாத தாள், மையைக் குடிக்கும். கெட்டி அட்டைப் புத்தகமாக இருந்தால் பலகையில் ஒட்டிய தாளை விட்டுவிட்டு, அதற்கு எதிரே தனியாக நிற்கும் தாளில் எழுதுவது வழக்கம். ஒட்டிய தாளின் அடியில் பசை இருப்பதால் சில இடங்களில் மை ஊறும், சில இடங்களில் ஊறாது.

பேனாவுக்குப் படம் வரைகிறவர்கள் வாங்கும் பிக்மென்ட் லைனர் கேளுங்கள். 0.5 மி.மீ. முனை, கறுப்பு. காய்ந்த பிறகு தண்ணீர் பட்டாலும் கரையாது, வெளிச்சத்தில் எளிதில் வெளுக்காது. மைப்பேனாவில் ஊற்றும் சாதாரண நீல மை அழகுதான். ஆனால் ஒரு துளி தண்ணீரில் கலங்கிவிடும், ஆண்டுகள் போகப்போக மங்கும். பெர்மனென்ட் மார்க்கரை எடுக்கவே வேண்டாம். அது தாளைத் துளைத்து இரண்டு பக்கம் தாண்டி இறங்கும். பிக்மென்ட் லைனரிலும் தாளின் பின்புறம் லேசாகத் தெரிகிறதா என்று கடைசிப் பக்கத்தின் மூலையில் ஒரு புள்ளி வைத்துப் பாருங்கள்.

இனிப் பொன்மொழி. வாட்ஸ்அப்பில் கலாம் பெயரிலும் விவேகானந்தர் பெயரிலும் சுற்றுகிற வாசகங்கள் பலவற்றுக்கு மூலம் கிடைப்பதில்லை. எந்த நூல், எந்த உரை என்று உங்களால் காட்ட முடியாத ஒன்றை, அழிக்க முடியாத மையில், ஒருவர் பெயரைப் போட்டு எழுதக்கூடாது. உங்கள் கடிதத்திலேயே அதைவிடப் பொருத்தமானது இருக்கிறது. மணலில் ஊத்துத் தோண்டிய பிள்ளைக்குத் திருவள்ளுவர் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறார். கல்வி அதிகாரம், 396-ஆம் குறள்:

தொட்டனைத் தூறும் மணற்கேணி மாந்தர்க்குக்
கற்றனைத் தூறும் அறிவு.

தொடுதல் என்றால் இங்கே தோண்டுதல். தோண்டிய அளவுக்கு மணற்கேணி ஊறும், கற்ற அளவுக்கு மனிதருக்கு அறிவு ஊறும். கையால் தொட்டாலே ஊறும் என்று பொருள் கொள்கிறவர்கள் உண்டு. பவானி மணலில் முழங்கை வரை விட்டுத் தோண்டியவளுக்கு அந்தக் குழப்பம் வராது.

இதை எழுதும்போது இரண்டு இடத்தில் பிழை வரும். முதலாவது, ‘தொட்டனை தூறும்’ என்று ‘த்’ போய்விடுவது. தொட்டனைத்து, ஊறும் என்ற இரண்டும் சேர்ந்து தொட்டனைத்தூறும் ஆகிறது; சீர் பிரிக்கும்போது ‘த்’ முதல் சீரின் கடைசியில் நிற்கிறது. கற்றனைத் தூறும் என்பதும் அப்படியே. ‘மாந்தர்க்குக்’ என்பதன் கடைசி ‘க்’ அடுத்த அடியின் ‘கற்ற’ என்பதற்காக வந்தது, அதையும் விடக்கூடாது. பார்த்து எழுதுங்கள், நினைவிலிருந்து எழுதாதீர்கள்.

இரண்டாவது பிழைதான் அதிகம் நேர்வது. முதலடி நான்கு சீர், இரண்டாமடி மூன்று சீர். எழுதிக்கொண்டே போய் இடம் போதாமல் ‘மாந்தர்க்குக்’ கீழே இறங்கிவிட்டால் மூன்றும் நான்குமாக மாறி, பார்த்ததும் குறளாகத் தெரியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ‘தொ’ என்பதற்கு மூன்று உரு, ‘னை’, ‘கே’, ‘மா’ ஆகியவற்றுக்கு இரண்டிரண்டு என்று எண்ணினால் முதலடியில் 25 உருக்கள் வரும். நடுவே மூன்று இடைவெளி. உரு ஒன்றுக்கு 3.5 மி.மீ., இடைவெளிக்கு 4 மி.மீ. என்றால் ஏறத்தாழ 10 செ.மீ. ஆகிறது. டெம்மி அளவுப் புத்தகத்தின் தாள் அகலம் 14 செ.மீ. முதுகுப் பக்கம் 2 செ.மீ., வெளிப்பக்கம் 1.5 செ.மீ. விட்டால் பத்தரை மிஞ்சும். அதாவது உங்கள் வழக்கமான கடித எழுத்து இதற்குப் பெரிது. அதே அகலத்தில் கோடு கிழித்த வேறு தாளில் மூன்று முறை எழுதிப் பார்த்து, கை பழகிய பிறகு புத்தகத்தைத் தொடுங்கள்.

குறளுக்குக் கீழே வலப்பக்கம் ‘குறள் 396’ என்று போட்டால் போதும். பிறகு ஒரு விரற்கடை இடம் விட்டு உங்கள் சொல். பொன்மொழி பொதுவானது என்பதால், கீழே வரும் வரிகள் அவளுக்கு மட்டுமே பொருந்துபவையாக இருக்க வேண்டும். ‘நன்றாகப் படித்து முன்னுக்கு வர வாழ்த்துகள்’ என்ற வரியை எந்தப் பிள்ளைக்கும் எழுதலாம். அதனாலேயே இங்கே வேண்டாம். குறளுக்கு விளக்கமும் எழுதாதீர்கள். அவளுடைய ஊத்தை ஒருமுறை சொல்லிவிட்டால் அதுவே விளக்கம். இந்தப் புத்தகத்தை ஏன் எடுத்தீர்கள் என்று ஒரு வரி, எங்கே தொடங்கலாம் என்று ஒரு வரி. அதற்காக நீங்களும் கொஞ்சம் படித்திருக்க வேண்டும், அவசியம் படியுங்கள். இப்படி இருக்கலாம்:

கண்ணு,
பவானி மணலில் நீ தோண்டிய ஊத்தில் தண்ணி வந்ததும் முதலில் என்னைத்தான் கூப்பிட்டாய். அந்தத் தண்ணி எங்கிருந்து வந்தது என்று அன்று கேட்டாய். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இந்தப் புத்தகத்தில் இருக்கிறது. நிலத்தடி நீர் அத்தியாயத்தை முதலில் படி. படித்துவிட்டு எனக்குச் சொல்லு.

கேட்டது, கூப்பிட்டது எல்லாம் உங்கள் வீட்டில் நடந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள். நடக்காததை எழுதினால் அவளுக்குத் தெரிந்துவிடும். பேச்சில் அவளை எப்படி அழைப்பீர்களோ அதே சொல்லால் தொடங்குங்கள். கண்ணு என்றால் கண்ணு, அம்மிணி என்றால் அம்மிணி. கடிதத்துக்காக ‘அன்பு மருமகளுக்கு’ என்று மாற்றினால் குரல் மாறிவிடும். அளவு முப்பது சொல்லுக்குக் கொஞ்சம் மேலே போனால் பரவாயில்லை. பத்தரை செ.மீ. அகலத்தில் வரிக்கு நான்கைந்து சொல் பிடிக்கும். வரிக்கு 8 மி.மீ. என்று வைத்தால் மேலே சொன்னது எட்டு வரி, ஆறரை செ.மீ.க்குள் அடங்கும்.

கையெழுத்தில் ‘மாமா’ என்று மட்டும் போடாமல் பக்கத்தில் உங்கள் பெயரையும் எழுதுங்கள். அவள் பிள்ளைகள் இதை எடுக்கும்போது எந்த மாமா என்று கேட்கும் நிலை வேண்டாம். ஊர் பெயர் கோபி. தேதியில் மாதத்தை எழுத்தால் எழுதி ஆண்டை நான்கு இலக்கமாகப் போடுங்கள். 5/6 என்றால் ஜூனா மே மாதமா என்று பின்னால் தெரியாது. தமிழ் ஆண்டுப் பெயர் போட விரும்பினாலும் கூடவே எண்ணும் வேண்டும். அந்தப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும்.

எழுதும் நாளில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பசை பைண்டிங் புத்தகத்தை மல்லாக்க அழுத்தி விரிக்காதீர்கள். முதுகுப் பசை வெடித்து முதல் தாள்கள் கழன்று வரும். அட்டையை இடப்புறம் திறந்து, அதற்கு அடியில் அதே தடிமனுள்ள இன்னொரு புத்தகத்தை வைத்தால் இரண்டு பக்கமும் சமமாக நிற்கும், கையும் தடுக்காது. எழுதும் தாளுக்கு அடியில் ஒரு கெட்டி அட்டை செருகுங்கள். எச்.பி. பென்சிலால் மிக லேசாகக் கோடு போட்டு, அதன் மேல் மையில் எழுதி, ஒரு மணி நேரம் கழித்து மென்மையான ரப்பரால் அழியுங்கள். ஈரத்தில் ரப்பர் போட்டால் மை கறையாகப் பரவும். சாரல் நாட்களில் எல்லாம் காய்வதற்கு நேரம் கூடுதலாகும் என்பதால் இரவு முழுக்கத் திறந்தே வைத்து, மூடும்போது நடுவில் வெள்ளைத்தாள் ஒன்றைச் செருகிக் கொடுங்கள்.

ஒரு எழுத்து தவறிவிட்டால் வெள்ளை மை பூச வேண்டாம். சின்னப் பிழையை ஒரே கோட்டால் அடித்து மேலே திருத்தினால் அது உங்கள் கை என்று தெரியும், அவ்வளவுதான். குறளிலேயே பிழை வந்தால் வேறு வழி இருக்கிறது. பத்தரைக்குப் பதினாறு செ.மீ. அளவில் நல்ல பாண்ட் தாள் வெட்டி, முழுவதையும் அதில் எழுதி, தலைப்பக்கத்தில் மட்டும் 5 மி.மீ. அகலத்துக்குக் குச்சிப் பசை தடவி அந்தப் பக்கத்தின் மேல் ஒட்டுங்கள். முழுத்தாளுக்கும் பசை தடவினால், அதிலும் தண்ணீர் கலந்த பசையானால், தாள் சுருங்கி அலை அலையாக எழும். செலோடேப் சில ஆண்டுகளில் மஞ்சளாகித் தாளையும் கறையாக்கும். எப்படியாவது உள்ளட்டையிலேயே இருக்க வேண்டும் என்று நீங்கள் விரும்பினாலும் இதே சீட்டு வழிதான் சரிப்படும். வழவழப்பில் குச்சிப் பசை முழுதாகப் பிடிக்க ஒரு நாள் கனமான புத்தகங்களுக்கு அடியில் வையுங்கள், சீட்டின் மேல் மை காய்ந்த பிறகு.