12.6-ஐ 11.14 வென்றது எப்படி?

"தம்பி மெல்பர்னிலிருந்து ஸ்கோர்போர்டு படம் அனுப்பினான். COLL 11.14 80, GEEL 12.6 78 என்று இருக்கிறது. 12 பெரிதுதானே, COLL எப்படி ஜெயித்தது? அட்டவணையில் FRE ஆட்டம் 6.10pm AWST. சென்னையில் எத்தனை மணி?"

இது ஆஸ்திரேலிய ஃபுட்பால். COLL காலிங்வுட், GEEL ஜீலாங், FRE பெர்த் பக்கத்து ஃப்ரீமாண்டில்.

அங்கே இருப்பது தசமப் புள்ளி இல்லை. புள்ளிக்கு முன்னால் கோல், பின்னால் பிஹைண்ட். மைதானத்தின் ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள் நிற்கும். உயரமான நடுக் கம்பங்கள் இரண்டுக்கும் இடையே உதைத்த பந்து யார் மேலும் படாமல் போனால் கோல், 6 புள்ளி. நடுக் கம்பத்துக்கும் ஓரத்துக் குட்டைக் கம்பத்துக்கும் நடுவே போனால் பிஹைண்ட், 1 புள்ளிதான். எதிரணியின் கை பட்டு நடுவில் போனாலும் அதே 1.

ஆக, காலிங்வுட்டுக்கு 66உம் 14உம் சேர்ந்து 80. ஜீலாங்குக்கு 72உம் 6உம் சேர்ந்து 78. ஒரு கோல் குறைவாக அடித்தும் காலிங்வுட் ஜெயித்தது இப்படித்தான். குழப்பம் வந்தால் கடைசி எண்ணை மட்டும் பாருங்கள்.

AWST என்பது பெர்த் நேரம். அதில் இரண்டரை மணி நேரத்தைக் கழித்தால் நம் நேரம், அதாவது மாலை 3.40. பெர்த்தில் கோடைக்குக் கடிகாரத்தை மாற்றுவதில்லை, அதனால் இந்தக் கணக்கு எப்போதும் மாறாது. மெல்பர்ன் ஆட்டங்களுக்குத்தான் கவனம் வேண்டும்: AEST என்றால் நாலரை மணி நேரம் கழிக்கணும். மார்ச்சில், சீசன் தொடக்கத்தில், மெல்பர்னின் கோடை நேரமான AEDT என்று போட்டிருந்தால் ஐந்தரை.